பிரேக் பிடிக்கிறது; வண்டி நேராக நிற்குமா?

லாரி, பஸ், வேன், ஆட்டோ போன்ற வணிக வண்டிகள் தகுதிச் சான்று இல்லாமல் சாலையில் ஓடக் கூடாது. வண்டிக்கு எட்டு வயதாகும் வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. காட்டியாக வேண்டும். அதற்காகப் பெயின்ட் அடித்து, ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டி, வண்டியைப் புதுமாப்பிள்ளை மாதிரி கொண்டுவந்து நிறுத்துவார்கள். ஆனால் சோதனையின் உயிர்நாடி பிரேக்தான்.

லாரியில் பிரேக்கை மிதித்ததும் டேங்கில் அடைத்திருக்கும் காற்று ஒவ்வொரு சக்கரத்துக்கும் பாய்ந்து, லைனிங்கை டிரம்மோடு அழுத்துகிறது. இந்த அழுத்தம் எல்லாச் சக்கரத்திலும் ஒன்றுபோல் இருக்கிறதா என்பதை ஓட்டிப் பார்த்து மட்டும் துல்லியமாகச் சொல்ல முடியாது. அதனால் தானியங்கிச் சோதனை நிலையங்களில் ஒரு அச்சின் இரண்டு சக்கரங்களையும் உருளைகள்மேல் நிறுத்திச் சுழலவிடுகிறார்கள். டிரைவர் பிரேக்கை மிதித்ததும் இடது, வலது சக்கரங்களின் பிடி தனித்தனியாகத் திரையில் வரும்.

முன் அச்சில் இடது சக்கரம் 1,000 கிலோ விசையும், வலது 600 கிலோ விசையும் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டி நிற்கத்தான் செய்யும். ஆனால் அவசரத்தில் அழுத்தி மிதித்தால் இடது பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். மழைச் சாலையில் அது கவிழக்கூட வழி செய்யும். வலது பக்க ஆயில் சீல் கசிந்து லைனிங்கில் எண்ணெய் படிந்திருக்கலாம். அல்லது அந்தப் பக்கத்து ஸ்லாக் அட்ஜஸ்டர் தளர்ந்திருக்கலாம். தளர்ச்சி என்றால் முறுக்கிச் சரிசெய்துவிடலாம். எண்ணெய் என்றால் சீலையும் அந்த அச்சின் இரண்டு பக்க லைனிங்கையும் மாற்றுவதே முறை.

அடுத்து ஸ்டீயரிங். சக்கரத்தை அசைத்து, கிங்பின்னிலும் மூட்டுகளிலும் ஆட்டம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். லாரி டயரின் பள்ளங்கள் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணைக் கூசச் செய்கிறதா, பின்விளக்கு, இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர் வேலை செய்கின்றனவா, புகை அளவோடு இருக்கிறதா, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி உள்ளதா என்பவையும் பார்க்கப்படும்.

இந்தச் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. பெரும்பாலும் காலி வண்டியைத்தான் கொண்டுவருகிறார்கள். சுமையேற்றி மலைப்பாதையில் இறங்கும்போது டிரம் சூடேறி விரியும். லைனிங்கின் பிடியும் குறையும். அதை உருளைகள் காட்டாது. எஃப்.சி.க்கு நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டி, மறுநாளே கழற்றுபவர்களையும் அது தடுக்காது.

ஆகவே, ஓட்டம் முடிந்து வண்டியை நிறுத்தியதும் டிரம்களின் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும். ஒரே அச்சில் ஒன்று அனலாகவும் மற்றது ஆறியும் இருந்தால் பிரேக் ஒன்றுபோல் பிடிக்கவில்லை. அடுத்த எஃப்.சி. வரை காத்திருக்காமல் அன்றே பட்டறைக்கு விடுங்கள்.