வந்ததும் அனுமதி கேட்கும் தளம்

ஒரு இணையதளத்தைத் திறந்து முதல் வரியைப் படிப்பதற்குள் மேலே ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பார்க்கிறது. இந்தத் தளம் உங்களுக்கு அறிவிப்புகள் காட்ட விரும்புகிறது என்று சொல்லி, கீழே Block, Allow என்று இரண்டு பொத்தான்களை வைத்திருக்கிறது. பெரும்பாலும் படிக்காமலே எதையோ அமுக்கி அதை விலக்கிவிடுகிறோம். ஒரு தளம் எப்படிப்பட்டது, நம்மிடம் என்ன எதிர்பார்க்கிறது என்று எடைபோட அந்தப் பெட்டி நல்ல தடயம். ஏனென்றால் அதை வரைவது தளம் அல்ல, நம் பிரவுசர். தளம் செய்யக்கூடியது இந்த ஒரு கட்டளையைத் தருவது மட்டும்தான்:

```
Notification.requestPermission()
```

பெட்டியில் இருக்கும் வாசகமும் தளத்தின் முகவரியும் பிரவுசர் எழுதியவை. அதில் ஒரு எழுத்தைக்கூடத் தளத்தால் மாற்ற முடியாது. தளத்தின் கையில் இருப்பவை இரண்டே முடிவுகள். எப்போது கேட்பது என்பது ஒன்று. பெட்டியைச் சுற்றிப் பக்கத்தில் என்ன எழுதிவைப்பது என்பது இன்னொன்று. தளத்தின் எண்ணம் வெளிப்படுவது இந்த இரண்டில்தான்.

Allow அமுக்கினால் என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். அந்தத் தளத்தின் சிறு நிரல் ஒன்று பிரவுசருக்குள் தங்கிக்கொள்கிறது. பிரவுசரைத் தயாரித்த நிறுவனத்தின் சர்வரில் உங்கள் பிரவுசருக்கென்று ஒரு தனி முகவரி உருவாகித் தளத்தின் கைக்குப் போகிறது. அதன் பிறகு நீங்கள் அந்தப் பக்கத்தை மூடிவிட்டாலும், மறுபடி அங்கே போகாவிட்டாலும், அந்த முகவரிக்கு அனுப்பியது உங்கள் போன் திரையில் வந்து விழும். உங்கள் பெயரோ போன் எண்ணோ இதனால் போய்விடாது. போவது, எந்நேரமும் உங்கள் திரையில் எழுதும் உரிமை.

இப்போது முதல் முடிவுக்கு வருவோம். கிரிக்கெட் ஸ்கோர் காட்டும் பக்கத்தில் ஒரு மணிச் சின்னம் இருக்கிறது, அதைத் தொட்ட பிறகு பெட்டி வருகிறது என்றால், அந்தத் தளம் உங்கள் தேவைக்காகக் காத்திருந்து கேட்கிறது. நுழைந்ததுமே கேட்பது, கடைக்குள் காலை வைத்ததும் போன் நம்பர் கேட்பதைப் போன்றது. பயர்பாக்ஸ் பிரவுசரைத் தயாரிக்கும் மொசில்லா 2019இல் இதை ஆராய்ந்தபோது, நூற்றில் சுமார் 99 முறை இந்த அனுமதி கிடைப்பதில்லை என்று தெரிந்தது. அதனால் 2020 ஜனவரியிலிருந்து, பயனர் பக்கத்தில் எதையாவது தொடுவதற்கு முன்பே வரும் கோரிக்கையை பயர்பாக்ஸ் பெட்டியாகக் காட்டுவதில்லை. முகவரிப் பட்டையில் ஒரு சின்னமாக ஒதுக்கிவிடுகிறது. இவ்வளவு பேர் மறுத்தும் வாசலிலேயே கேட்கும் தளம், அவசரத்தில் கை தவறி அமுக்கும் அந்த ஒருவரை நம்பியிருக்கிறது. நேர்மையான செய்தித் தளங்களிலும் இந்தப் பழக்கம் உண்டு. அதை மோசடி என்று நான் சொல்லமாட்டேன். வாசகரின் கவனத்தை மதிக்கவில்லை என்று சொல்வேன்.

மோசடி தெரிவது இரண்டாவது முடிவில். புதுப்படத்தைத் திருட்டுத்தனமாகக் காட்டும் தளம் ஒன்றில் ஒருவர் ப்ளே பொத்தானைத் தொடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பொத்தானுக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத ஓர் அடுக்கு விரிக்கப்பட்டிருக்கிறது. படம் ஓடுவதற்குப் பதிலாகப் புதிய டேப் ஒன்று திறக்கிறது. முகவரி இரண்டு மூன்று முறை மாறி, ஏறக்குறைய வெறுமையான ஒரு பக்கத்தில் வந்து நிற்கிறது. நீங்கள் ரோபோ அல்ல என்று நிரூபிக்க Allow அமுக்குங்கள் என்று பெரிய எழுத்தில் ஆங்கிலத்தில் இருக்கிறது. மேலே இருக்கும் பெட்டியை நோக்கி ஓர் அம்புக்குறி.

இங்கே பொய் அப்பட்டமாகத் தெரிகிறது. பெட்டியின் வாசகம் அறிவிப்பைப் பற்றியது, பக்கத்தின் வாசகம் ரோபோவைப் பற்றியது. உண்மையான ரோபோ சோதனை பக்கத்துக்குள்ளேயே நடந்து முடியும். அதற்கு அறிவிப்பு அனுமதி தேவையே இல்லை. பெட்டி சொல்வதும் பக்கம் சொல்வதும் பொருந்தவில்லை என்றால் வேறு சாட்சி தேவையில்லை.

அவர் Block அமுக்குகிறார். உடனே அதே பக்கம் மறுபடி வருகிறது, பெட்டியும் வருகிறது. முகவரியைக் கவனித்தால் v1.example.com என்பது v2.example.com என்று மாறியிருக்கும். மறுப்பைப் பிரவுசர் தளத்தின் முழுப் பெயரோடு சேர்த்து நினைவில் வைக்கிறது. முன்னால் ஓர் எழுத்து மாறினாலும் அது பிரவுசருக்குப் புதிய தளம், எனவே மறுபடி கேட்கலாம். ‘வேண்டாம்’ என்ற பதிலைத் தாண்டிச் செல்லவே இப்படிக் கட்டிவைத்திருக்கிறார்கள். இதைக் கண்டால் எந்தப் பொத்தானையும் தொடாமல் டேப்பை மூடிவிட வேண்டும்.

இவ்வளவு பாடுபடுவது, ஒவ்வொரு Allow-வுக்கும் காசு இருப்பதால்தான். சேர்த்த முகவரிகளுக்கு விளம்பரம் அனுப்பும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். ஆள் சேர்த்துக் கொடுத்த தளத்துக்கு அவர்கள் பங்கு தருகிறார்கள். சில நாளில் ‘உங்கள் போனில் வைரஸ்’ என்று பிரபல ஆன்டிவைரஸ் நிறுவனத்தின் சின்னத்தோடு அறிவிப்புகள் வரத் தொடங்கும். போனே எச்சரிப்பதாக நம்பித் தொடுபவர், பணம் கேட்கும் பக்கத்துக்கோ கடவுச்சொல் கேட்கும் பக்கத்துக்கோ போய்ச் சேருகிறார்.

ஒரு தளத்தில் வரும் விளம்பரங்களின் வகையும் இப்படித்தான் பேசுகிறது. பெரிய விளம்பர நிறுவனங்களின் விதிகள் திருட்டுப் படத் தளங்களை அனுமதிப்பதில்லை. ஆகவே அங்கே எஞ்சுவது யாரோடும் வணிகம் செய்யத் தயாராக இருக்கும் தரகர்களும், போலி டவுன்லோட் பொத்தான்களும், தானாகத் திறக்கும் சாளரங்களும்தான். பாப்-அப் பிறந்த கதையே இதைச் சொல்கிறது. 1990களில் டிரைபாட் என்ற அமெரிக்கத் தளத்தில், ஒரு கார் நிறுவனத்தின் விளம்பரம் ஆபாசமான ஒரு பயனர் பக்கத்தில் வந்துவிட்டது. நிறுவனம் பதறியது. விளம்பரம் பக்கத்தோடு ஒட்டாமல் தனிச் சாளரத்தில் திறக்கும்படி அங்கே பணியாற்றிய ஈதன் சக்கர்மேன் நிரல் எழுதினார். அதற்காக 2014இல் ‘தி அட்லாண்டிக்’ இதழில் மன்னிப்பும் கேட்டார். பக்கத்தோடு சேர்ந்து நிற்க விளம்பரதாரர் கூசியதால் வந்ததுதான் பாப்-அப்.

இந்தத் தடயங்கள் எல்லா இடத்திலும் செல்லாது. விளம்பரம் நெருக்கமாக இருப்பதாலேயே ஒரு சிற்றூர்ச் செய்தித் தளம் பொய் சொல்கிறது என்று ஆகாது, அதற்கு வேறு வருமானம் இல்லாமல் இருக்கலாம். வங்கியின் முகப்பை நகலெடுத்த போலிப் பக்கத்திலோ ஒரு விளம்பரமும் இருக்காது. அது குறிவைப்பது உங்கள் கடவுச்சொல்லை. விளம்பரம் அங்கே இடைஞ்சல்தான். அங்கே பார்க்க வேண்டியது முகவரியை.

ஏற்கெனவே Allow கொடுத்துவிட்டிருந்தால் போனை முழுதாக அழிக்கத் தேவையில்லை. வரும் அறிவிப்பில் சிறிய எழுத்தில் அனுப்பும் தளத்தின் முகவரி இருக்கும். ஆண்ட்ராய்டு போனில் குரோமைத் திறந்து Settings, Site settings, Notifications என்று போனால் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் கிடைக்கும். அறிவிப்பில் கண்ட முகவரியையும், நினைவில்லாத மற்ற முகவரிகளையும் நீக்கிவிடலாம். நீக்கியதும் எச்சரிக்கைகள் நின்றுவிட்டால் அவை அந்தத் தளங்கள் அனுப்பியவைதான். நிற்காவிட்டால், அண்மையில் நிறுவிய செயலிகளில் ஒன்று அவற்றைக் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். அறிவிப்பை விரலால் அழுத்திப் பிடித்தால் எந்தச் செயலி அதைக் காட்டுகிறது என்று போனே சொல்லிவிடும்.