மூன்று நிமிடப் பாட்டும் ஏழு நிமிடப் பாட்டும்

மாசாயில் எங்கள் வீட்டு வானொலிப் பெட்டியில் மத்திய அலை மட்டும்தான் எடுக்கும். ஜொகூரில் பிற்பகல் மழைக்குக் குறைவே இல்லை. வானம் இருட்டி மின்னல் வெட்டினால், வெட்டுக்கு ஒரு முறை பெட்டி கரகரவென்று இரையும். மத்திய அலை, அதாவது ஏஎம், பாட்டை அலையின் உயரத்தில் ஏற்றி அனுப்புகிறது. மின்னலும் அந்த உயரத்தைத்தான் கலைக்கிறது. எது பாட்டு, எது மின்னல் என்று பெட்டியால் பிரிக்க முடியாது.

அண்ணன் அந்தப் பெட்டியின் முன்னால் கேசட் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு, சிங்கப்பூரின் ஆங்கில நேயர் விருப்பத்துக்காகக் காத்திருப்பார். பாட்டின் முன்னிசை தொடங்கும்போது அறிவிப்பாளர் பேசிக்கொண்டிருப்பார். பாடகர் வாயைத் திறக்கும் நொடியில்தான் நிறுத்துவார். முடிவிசை ஓடும்போதே அடுத்த பேச்சு வந்துவிடும். ராக் பாட்டு என்றால் நடுவில் மூன்று நிமிடம், முன்னும் பின்னும் மனிதக் குரல் என்றே எங்கள் காது பழகியிருந்தது.

இந்தப் பழக்கத்தின் வேர் அமெரிக்காவில் இருக்கிறது. 1950களின் தொடக்கத்தில் ஒமாஹா நகரத்தின் கேஓடபிள்யூஎச் நிலையத்தை நடத்திய டாட் ஸ்டோர்ஸ், மக்கள் அதிகம் கேட்கும் சில பாடல்களையே திரும்பத் திரும்பப் போட்டால் கூட்டம் சேரும் என்று செய்து காட்டினார். 'டாப் 40' வானொலி அதிலிருந்து வளர்ந்தது. மணிக்கு மணி விளம்பரம், செய்தி, நிலையத்தின் முத்திரை இசை எல்லாம் இடம்பெற வேண்டும். அதனால் பாட்டு குட்டையாக இருந்தே ஆக வேண்டும். ஏழு அங்குல சிங்கிள் தட்டு அந்த நேரக்கணக்குக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. கேட்பவருக்குக் குழுவைவிடப் பாட்டே முக்கியமானது. இந்த வாரம் அது எத்தனையாவது இடம் என்பதே பேச்சு.

இதை மாற்றிய கதையை ஒரே பாட்டை வைத்துச் சொல்லிவிடலாம். டோர்ஸ் குழுவின் முதல் ஆல்பம் 1967 ஜனவரியில் வந்தது. அதிலுள்ள 'லைட் மை ஃபயர்' ஏழு நிமிடத்துக்கும் சற்று அதிகம். முதல் சில அடிகளுக்குப் பிறகு பாடகர் விலகிக்கொள்ள, ஆர்கனும் அதன்பின் கிதாரும் நிமிடக்கணக்கில் தனியே வாசிக்கும். அதற்குப் பிறகுதான் குரல் திரும்பும். ஏஎம் நிலையங்களுக்கு இது ஆகாது என்று, சிங்கிளாக வெளியிட்டபோது அந்தத் தனி வாசிப்பை ஏறக்குறைய முழுதாகவே வெட்டி, பாட்டை மூன்று நிமிடத்துக்குள் அடக்கினார்கள். அந்த வெட்டிய பாட்டுதான் 1967 ஜூலையில் அமெரிக்கப் பட்டியலின் முதலிடத்துக்குப் போனது.

அதே ஆண்டு ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் டாம் டொனஹியூ என்ற வானொலிக்காரர் கேஎம்பிஎக்ஸ் என்ற சிறிய எஃப்எம் நிலையத்தில் இரவு நேரத்தை எடுத்துக்கொண்டார். டோர்ஸின் ஆல்பத்தை வீட்டில் கேட்டுவிட்டு, 'இதை ஏன் வானொலியில் யாரும் போடுவதில்லை' என்று ஆதங்கப்பட்டுத்தான் அவர் நிலையம் தேடினார் என்று சொல்வார்கள். அப்போது எஃப்எம் ஏறக்குறைய காலி மனை. ஒரே முதலாளி தன் ஏஎம் நிகழ்ச்சியை அப்படியே எஃப்எம்மிலும் முழு நேரமும் ஒலிபரப்பக் கூடாது என்று அமெரிக்க அரசு பெரிய நகரங்களுக்கு விதித்த கட்டுப்பாடு 1967இல் நடைமுறைக்கு வந்திருந்தது. நேரத்தை நிரப்பப் புதிய சரக்கு தேவைப்பட்டது.

டொனஹியூவும் அவர் வழியில் வந்தவர்களும் ஆல்பத்திலிருந்து முழுப் பாட்டையும் போட்டார்கள். நான்கைந்து பாட்டைப் பேச்சில்லாமல் ஒன்றோடொன்று கோத்துவிட்டு, கடைசியில்தான் பெயர்களைச் சொன்னார்கள். இந்தச் சிறிய மாற்றம் செய்த வேலை பெரிது. பெயர் தெரியவேண்டுமானால் கடைசிவரை காத்திருக்க வேண்டும். காத்திருக்கும்போது ஆர்கன் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று காது கவனிக்கத் தொடங்கிவிடும். ஒலியும் அதற்குத் துணை நின்றது. எஃப்எம்மில் 15,000 ஹெர்ட்ஸ் வரை ஒலி வரும். சிம்பலின் சிலிர்ப்பு கேட்கும். ஸ்டீரியோவில் கிதார் ஒரு பக்கம், ஆர்கன் ஒரு பக்கம் நிற்கும். சாதாரண ஏஎம் பெட்டியில் அதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. 'ஸ்டேர்வே டு ஹெவன்' அமெரிக்காவில் அந்தக் காலத்தில் சிங்கிளாகக் கடைக்கு வரவே இல்லை. எட்டு நிமிடப் பாட்டு சிங்கிள் இல்லாமலே ஊரறிந்தது என்றால், அதற்குக் காரணம் ஆல்ப வானொலிதான்.

ஆனால் எஃப்எம்மில் ஏறிய எல்லாமே ஆல்ப வானொலி ஆகிவிடவில்லை. அது எனக்குப் புரிந்தது ஜொகூரில்தான். சிங்கப்பூரில் 1969இல் வந்த ஸ்டீரியோ எஃப்எம் சேவை மேற்கத்தியச் செவ்வியல் இசைக்கானது. 1989இல் பெர்ஃபெக்ட் டென் 98.7 தொடங்கியபோது ஜொகூர் பாரு இளைஞர்கள் அதை மொய்த்துக்கொண்டார்கள். மின்னல் இரைச்சல் போயிற்று. எஃப்எம் அலையின் உயரத்தில் பாட்டை ஏற்றுவதில்லை, அதிர்வெண்ணில் ஏற்றுகிறது. மின்னல் கலைத்த உயரத்தைப் பெட்டி சீவித் தள்ளிவிடுகிறது. ஒலி துல்லியமானது, ஆனால் அந்த நிலையம் போட்டதும் ஹிட் பாட்டுதான். புது அலைவரிசையில் பழைய ஏஎம்மின் பழக்கமே குடியேறியது.

அப்படியானால் ஜொகூரில் ஆல்பம் கேட்கக் கற்றுக்கொடுத்தது யார்? கேசட்தான். சிங்கப்பூரின் காப்புரிமைச் சட்டம் 1987இல் வருவதற்கு முன்பு, இரு கரையிலும் நகல் கேசட்டுகள் மலிவாகக் கிடைத்தன. கேசட்டில் ஒரு பாட்டைத் தாண்ட வேண்டுமென்றால் ஓட்டி, நிறுத்தி, சரிபார்த்து, மறுபடி ஓட்ட வேண்டும். அந்தச் சள்ளைக்குப் பயந்தே ஒரு பக்கத்தை முழுதாகக் கேட்டோம். அண்ணன் வாங்கி வந்த டோர்ஸ் கேசட்டில்தான் அந்த ஏழு நிமிடத்தை நான் முதன்முதலில் கேட்டேன். வானொலியில் கேட்ட பாட்டுத்தானா இது என்று பெட்டியைத் திறந்து பெயரைப் பார்த்தேன். 1981இல் ஜொகூர் பாருவில் உருவான சர்ச் குழுவுக்கும் இது பொருந்தும். வானொலி வழியாக என் காதில் விழுந்தது 'இசபெல்லா' ஒன்றுதான். 1989இல் வந்த 'ஃபெனோமெனா' ஆல்பத்தில் மற்ற பாட்டுகளும் இருந்தன என்பதைக் கேசட்தான் சொன்னது.

அமெரிக்காவிலும் ஆல்ப வானொலி நெடுநாள் அப்படியே இருக்கவில்லை. 1970களில் லீ ஆப்ரம்ஸ் போன்ற ஆலோசகர்கள் எந்த ஆல்பத்தில் எந்தப் பாட்டு மக்களுக்குப் பிடிக்கிறது என்று ஆய்ந்து, பட்டியலைச் சுருக்கினார்கள். அறிவிப்பாளரின் கையில் இருந்த தேர்வு அலுவலகத்துக்குப் போனது. நீளப் பாட்டுகள் தங்கின. ஆனால் அதே சில நீளப் பாட்டுகள். 'ஸ்டேர்வே' கேட்டுக் கேட்டு அலுத்துப்போன தலைமுறை அங்கே உருவானது. அதை ஆல்ப வானொலி என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. நீண்ட சிங்கிள்களின் வானொலி என்பதே சரி.

இன்று என் மகள் மாசாயிலிருந்து ஜொகூர் பாருவுக்கு வேலைக்குப் போகும் வழியில் கைப்பேசியைக் காரில் இணைத்துப் பாட்டுக் கேட்கிறாள். மின்னல் இரைச்சல் இல்லை, அறிவிப்பாளர் இல்லை, உலகத்து ஆல்பம் எல்லாம் முழுதாக இருக்கிறது. ஆனால் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு முப்பது வினாடி ஓடினால் கேட்ட கணக்கில் சேர்ந்துவிடும். முப்பதாவது வினாடிக்குள் ஆளைப் பிடித்தாக வேண்டும் என்றால், மெல்லத் தொடங்கும் பாட்டுக்கு ஏது இடம்? பாட்டின் நடுவிலேயே அவள் விரல் அடுத்ததைத் தட்டிவிடுகிறது. அறிவிப்பாளர் செய்த வெட்டை இப்போது கேட்பவரே செய்துகொள்கிறார்.

போன வாரம் அவளோடு காரில் போனபோது 'லைட் மை ஃபயர்' போடச் சொன்னேன். பட்டியலில் இரண்டு வந்தன: ஒன்று மூன்று நிமிடத்துக்குள், மற்றொன்று ஏழு. நீங்களும் தேடிப் பாருங்கள். ஏழு நிமிடத்தை எடுங்கள். கிதார் ஓய்ந்து குரல் திரும்பும்வரை கைப்பேசியைத் தொடாதீர்கள்.