காத்திருப்பதற்கும் கூலி

1993 ஏப்ரலில் கோகோ கோலா பங்கின் விலை 39 டாலரை ஒட்டி இருந்தது. வாரன் பஃபெட்டிடம் அந்தப் பங்கு ஏற்கெனவே ஏராளம். இன்னும் வாங்க ஆசைதான், ஆனால் 35க்கு இறங்கினால்! நாமாக இருந்தால் 35க்கு ஆர்டர் போட்டுவிட்டுச் சும்மா காத்திருப்போம். அவர் டிசம்பரில் முடியும் 35 டாலர் புட் ஆப்ஷன்களை விற்றார். பங்குக்குச் சுமார் ஒன்றரை டாலர் பிரீமியம் அன்றே கைக்கு வந்தது.

புட் விற்பவர் ஒரு வாக்குக் கொடுக்கிறார்: விலை எங்கே விழுந்தாலும் உங்கள் பங்கை 35க்கு நான் எடுத்துக்கொள்கிறேன். விழுந்திருந்தால் பஃபெட்டுக்கு அடக்கவிலை 33.50 ஆகியிருக்கும். விழவில்லை. பங்கு கிடைக்கவில்லை, பிரீமியம் மட்டும் மிஞ்சியது. வாக்கைக் காப்பாற்றும் பணம் அவரிடம் இருந்தது என்பதுதான் இதில் முக்கியம்.

நம் ஊர்க் கணக்கைப் பார்ப்போம். ஒரு பங்கு 1,000 ரூபாய், லாட் 500 என்று வைத்துக்கொள்ளுங்கள். 950 புட்டை 15 ரூபாய்க்கு விற்றால் 7,500 ரூபாய் வரவு. எக்ஸ்பைரி அன்று விலை 950க்கு மேல் இருந்தால் கதை முடிந்தது. கீழே போனால் 4,75,000 ரூபாய் கட்டி 500 பங்குகளை எடுத்துக்கொள்ள வேண்டும், அடக்கம் 935. இந்தியாவில் தனிப்பங்கு ஆப்ஷன்களுக்கு இப்போது டெலிவரிதான். நிஃப்டி ஆப்ஷனில் பணமாகத்தான் நேர் செய்வார்கள் என்பதால் 'மலிவாகப் பங்கு வாங்கும்' பேச்சுக்கே அங்கு இடமில்லை.

வினை மார்ஜினில் தொடங்குகிறது. புரோக்கர் முழுத் தொகையையும் பிடித்துவைப்பதில்லை, அதில் ஒரு பகுதியைத்தான். மீதிப் பணம் சும்மா கிடப்பதாகத் தோன்றும். அதே பணத்தில் நான்கு லாட் விற்றால் வரவு 30,000 ஆயிற்றே! பங்கு 800க்குச் சரிந்தால், ஒரு லாட் விற்றவருக்கு 67,500 ரூபாய் நஷ்டம், ஏட்டளவில். பங்கை வைத்துக்கொண்டு காத்திருக்கலாம். நான்கு லாட்காரர் 19 லட்சம் ரூபாய்க்குப் பங்கு எடுக்க வேண்டும். பணம் இல்லாததால் எக்ஸ்பைரிக்கு முன்பே, விலை ஏறிய புட்டைத் திரும்ப வாங்கி, 2,70,000 ரூபாய் அளவுக்கு நிஜ நஷ்டத்தோடு வெளியேறுவார்.

பிரீமியம் வழக்கத்தைவிடக் கொழுத்திருந்தாலும் உஷாராக வேண்டும். காலாண்டு முடிவோ, வழக்குத் தீர்ப்போ நெருங்குகிறது என்று பொருள். சந்தை பெரிய ஆட்டத்தை எதிர்பார்த்துத்தான் அந்த விலையைக் கொடுக்கிறது. 15 ரூபாய்க்குப் பதில் 40 கிடைக்கிறதே என்று தெரியாத நிறுவனத்தின் புட்டை விற்றவரிடம், விலை விழுந்தால் வேண்டாத 500 பங்குகள் 950 ரூபாய்க்கு வந்து சேரும். புட் விற்காமலே இந்தப் பங்கை 910க்கு வாங்கியிருப்பேனா? இல்லை என்றால் அந்த 40 ரூபாயை வேறு யாராவது வாங்கிக்கொள்ளட்டும்.