மகளுக்கு 18 ஆனதும் நின்றுபோகும் மைனர் கணக்கு

கல்லூரி சேர்க்கைக் காலத்தில் வங்கிக் கிளைகளில் அடிக்கடி நடப்பது இது. ஒரு மாணவி ஜூன் 10 அன்று 18 வயதை எட்டுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் பெயரிலுள்ள மைனர் கணக்கில் அம்மா சிறுகச் சிறுகச் சேர்த்த 90,000 ரூபாய் இருக்கிறது. கார்டியனாகக் கையெழுத்துப் போட்டு வந்தவரும் அம்மாதான். ஜூன் 20 அன்று கல்லூரிக் கட்டணம் 75,000 ரூபாயை அனுப்பச் சொல்லிப் படிவம் கொடுக்கிறார். பணம் போகவில்லை. அந்தக் கணக்குக்கு வரவேண்டிய உதவித்தொகை மட்டும் தவறாமல் வந்து சேர்கிறது.

வரவு நடக்கிறது, பற்று மட்டும் நிற்கிறது என்றால் பெரும்பாலும் கோளாறு பணத்தில் இல்லை, கணக்கை இயக்கும் அதிகாரத்தில் இருக்கிறது. இந்தியச் சட்டப்படி 18 வயது நிறைந்த அன்றே பிள்ளை மேஜர். அதோடு அம்மாவின் கார்டியன் அதிகாரம் முடிந்துவிடுகிறது. கணக்கில் பதிவாகியிருக்கும் பிறந்த தேதியைக் கொண்டு வங்கியின் கணினியே பற்றை நிறுத்திவிடும். கே.ஒய்.சி. புதுப்பிக்காததாலும் இதே தடை வரலாம் என்பதால், கவுன்ட்டரில் முதலில் கேட்கவேண்டியது, "எந்தக் காரணத்துக்காக நிறுத்தியிருக்கிறீர்கள்?" என்பதைத்தான்.

வயதுதான் காரணம் என்றால், அம்மா மட்டும் எத்தனை முறை போனாலும் வேலை நடக்காது. மகள் நேரில் போகவேண்டும். ஆதார், பான் அட்டை, புகைப்படங்கள், பாஸ்புக் ஆகியவற்றோடு, மைனர் கணக்கை மேஜர் கணக்காக மாற்றக் கோரும் விண்ணப்பம் கொடுக்கவேண்டும். பான் எண் இல்லாவிட்டால் அதற்கென உள்ள உறுதிமொழிப் படிவத்தைக் கேட்டு வாங்கலாம். கணக்கிலுள்ள இருப்பு சரிதான் என்று மகள் ஒப்புக்கொண்டு, தன் மாதிரிக் கையெழுத்தைப் பதிவுசெய்கிறாள். இனி கணக்கை யார் இயக்குவது என்பதையும் எழுதித் தருகிறாள். ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் வெளியிட்ட சுற்றறிக்கை இதைத்தான் கேட்கிறது. பிள்ளை மேஜராகும்போது என்ன செய்யவேண்டும் என்று வங்கி முன்கூட்டியே தெரிவிக்கவேண்டும் என்றும் அது சொல்கிறது. அப்படி எந்தத் தகவலும் வரவில்லை என்றால், பிறகு புகார் கொடுக்க நேர்ந்தால் இதையும் குறிப்பிடுங்கள்.

அதே நாளில் கைபேசி எண்ணையும் மாற்றிவிடுவது நல்லது. பழைய எண் அம்மாவுடையதாக இருந்தால் ஓ.டி.பி. எல்லாம் அவருக்கே போகும். கட்டணத்தின் கடைசித் தேதி நெருங்கிவிட்டால், அம்மா தன் சொந்தக் கணக்கிலிருந்து கட்டிவிட்டுப் பிறகு மகளிடமிருந்து வாங்கிக்கொள்வதே சுலபம். அவசரத்தில் மகளின் கையெழுத்தை வீட்டில் வேறு யாராவது போட்டுக்கொடுக்கும் வழக்கமும் உண்டு. அது போலிக் கையெழுத்து, குற்ற வழக்கில் கொண்டுபோய் விடலாம்.

இத்தனையும் முடித்தவர்கள் அடுத்து மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. "அம்மா பெயரையும் சேர்த்துக்கொள்கிறேன்" என்று மகள் சொல்வாள். படிவத்தில் 'இருவரும் கூட்டாக' என்ற கட்டத்தில் டிக் அடித்துவிடுவார்கள். அப்புறம் யு.பி.ஐ. வேலை செய்யாது, இணைய வங்கியில் இருப்பை மட்டும் பார்க்கமுடியும். காசோலையானாலும் பணம் அனுப்பும் படிவமானாலும் இரண்டு கையெழுத்து வேண்டும். 'இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்' என்று தேர்ந்தெடுத்திருந்தால் யார் வேண்டுமானாலும் தனியாக அனுப்பலாம். அதன் மறுபக்கம், அம்மாவும் முழுத் தொகையைத் தனியாக எடுத்துவிட முடியும். அதற்கு மகள் சம்மதிக்கிறாளா என்பது அவளுடைய விருப்பம். வங்கியோ உறவினரோ அவளை வற்புறுத்தக்கூடாது. என்னைக் கேட்டால், முதலில் தனிக் கணக்காக மாற்றிக்கொண்டு, அம்மாவை நாமினியாகப் போடுவதே போதும்.

கூட்டுக் கணக்கின் இயக்க முறையை மாற்ற எல்லாக் கணக்குதாரர்களும் கையெழுத்திடவேண்டும். ஒருவர் வெளிநாட்டில் இருந்தால், அவர் கையெழுத்துக்கு இந்தியத் தூதரகத்தின் சான்று போன்ற எதை ஏற்பீர்கள் என்று கிளையிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் தடுத்து நிறுத்த ஒருவரே போதும். "இனி தனியாக யாரும் பணம் எடுக்கக்கூடாது" என்று ஒரு கணக்குதாரர் எழுதிக்கொடுத்தால், வங்கிகள் பொதுவாகத் தனி இயக்கத்தை நிறுத்திவிடும். எல்லாரும் சேர்ந்து கடிதம் கொடுத்தால்தான் மறுபடி திறக்கும். யார் பக்கம் நியாயம் என்று வங்கி தீர்ப்புச் சொல்லாது. சமரசமாகாவிட்டால் நீதிமன்றம்தான் வழி.

எல்லா ஆவணமும் கொடுத்த பிறகும் கிளை இழுத்தடித்தால், எழுத்துமூலம் புகார் கொடுத்து, முத்திரையிட்ட நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் கட்டணமின்றி முறையிடலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

மகள் பெயரில் அதே வங்கியில் வைப்புத்தொகை ஏதும் இருந்தால், அந்த ரசீதையும் கையோடு கொண்டுபோங்கள். அதற்கும் அவள் கையெழுத்துதான் இனி செல்லும்.