அக்கா எடுத்துக்கொண்ட பன்னிரண்டு கோப்புகள்

ஓர் ஆடிட்டர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். ஐந்து பேர், ஆளுக்கு முப்பது வாடிக்கையாளர்கள். மாதாமாதம் கணக்குக் காட்டுபவர்களின் விற்பனை விவரம் 11ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவத்தில் ஏற வேண்டும். ஒருவர் மட்டும் 9ஆம் தேதியாகியும் பாதியைத் தாண்டுவதில்லை. பக்கத்து மேசை அக்கா அவருடைய கோப்புகளையும் இழுத்துப்போட்டுக்கொண்டு இரவு எட்டரை வரை உட்காருகிறார். 11ஆம் தேதி எல்லாம் ஏறிவிடுவதால் மேலாளருக்குக் குறையே தெரிவதில்லை.

தெரிந்தாலும், “பாவம், போகப் போகச் சரியாகிடுவார்” என்று விட்டுவிடுகிறார். அவர் காட்டும் இரக்கத்துக்கு அக்கா தன் மாலைப்பொழுதுகளைக் கொடுக்கிறார். இதை நான் கருணை என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வாடிக்கையாளர் பட்டியலில் இரண்டு பத்திகள் போதும்: யாருக்கு ஒதுக்கியது, யார் முடித்தது. இரண்டு மாதம் குறித்து வந்தால் சத்தமில்லாமல் கைமாறிய வேலை வெளியே வந்துவிடும். அதன் பிறகு அவரைத் தனியே அழைத்துப் பேசலாம். “நீங்க ரொம்ப ஸ்லோ” என்றால் கூனிக்குறுகிப் போவார். “போன மாசம் முப்பதுல பதினெட்டுதான் நீங்க முடிச்சீங்க தம்பி. எந்த இடத்துல நிக்குது?” என்று கேட்டால் பதில் வரும். கடைக்காரர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பில் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தட்டிக்கொண்டிருப்பார். எக்செல்லாகக் கேட்டு வாங்கக் கூச்சம். இதைக் கற்றுக்கொடுத்துவிடலாம். வீட்டில் நோயாளி இருந்தால் தேவைப்படுவது பயிற்சியல்ல, அவகாசம்.

இரண்டு மாதத்துக்குப் பதினெட்டு கோப்புகள் மட்டும் என்று மேலாளரே குறைத்துக் கொடுக்கட்டும். மீதிப் பன்னிரண்டை அவரே பெயர் சொல்லிப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அக்காவுக்கு நான்கு வந்தால், அவர் பார்த்துவந்த நோட்டீஸ் பதில் வேலையை மேலாளர் தன் மேசைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும், அல்லது கூடுதல் நேரத்துக்குப் பணம் தர வேண்டும். பயிற்சி கொடுப்பதையும் அக்கா தலையிலேயே கட்டினால் பழைய கதைதான். மற்றவர்களிடம் ஏற்பாட்டையும் அது முடியும் தேதியையும் சொன்னால் போதும். வீட்டுக் காரணம் அவருடைய சொந்த விஷயம்.

இதில் கடினமானது, கேட்காமல் யாரும் அவர் கோப்பைத் தொடக்கூடாது என்ற விதி. அக்காவுக்குக் கை பரபரக்கும். ஆனால் உதவி ஒளிந்து நடந்தால், அவர் தேறினாரா என்று யாருக்கும் தெரியாது. 7ஆம் தேதி மாலை மேலாளர் எண்ணிப் பார்த்தால், தவணை தவறுமுன் கைகொடுக்க நான்கு நாள் இருக்கும்.

இரண்டு மாதம் கழித்தும் பதினெட்டு முடியவில்லை என்றால் அதையும் முகம் பார்த்துச் சொல்ல வேண்டும். நிலுவைக் கட்டண வசூல் போல அவருக்குக் கைவரும் வேலை இருந்தால் மாற்றலாம். இல்லையென்றால், வேறு இடம் தேட அவகாசம் இருக்கும்போதே, சம்பளம் எந்தத் தேதி வரை வரும் என்பதோடு சொல்லிவிட வேண்டும்.