மிச்சத்தை எண்ணினால் லாபம் தெரியும்

மளிகைக் கடையில் கால் கிலோ துவரம்பருப்பு, அரை லிட்டர் நல்லெண்ணெய், ஒரு சோப்பு என்று நாள் முழுக்கச் சில்லறை வியாபாரம் நடக்கும். ஒவ்வொன்றையும் விற்கும்போது அதன் அசல் என்ன என்று எழுதிக்கொண்டிருக்க முடியாது. ஆண்டு முடிவில் விற்பனைத் தொகை தெரியும். விற்ற சரக்கை என்ன விலைக்கு வாங்கினோம் என்பது தெரியாது. அது தெரியாமல் லாபத்தைச் சொல்ல முடியாது.

அதனால் கணக்கு எழுதுகிறவர்கள் விற்றதை எண்ணுவதில்லை, விற்காமல் மிஞ்சியதை எண்ணுகிறார்கள். ஏப்ரல் 1 அன்று கடையில் இருந்த சரக்கோடு ஆண்டு முழுக்க வாங்கியதைக் கூட்டி, மார்ச் 31 இரவு மிஞ்சியதைக் கழித்தால் வருவதுதான் விற்ற சரக்கின் அடக்க விலை.

ஒரு கடையின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தொடக்கச் சரக்கிருப்பு 6,00,000 ரூபாய். கொள்முதல் பில்களின் கூட்டுத்தொகை 47,90,000. சரக்கைக் கடைக்குக் கொண்டுவந்து சேர்த்த லாரி வாடகையும் இறக்குகூலியும் 60,000. அதுவும் அடக்கத்தில்தான் சேரும். வண்டு விழுந்ததென்று திருப்பி அனுப்பிய பருப்பு 30,000, வீட்டுச் சமையலுக்கு எடுத்துப்போனது 20,000. இவை இரண்டையும் கழித்தால் நிகரக் கொள்முதல் 48,00,000. தொடக்க இருப்பையும் சேர்த்தால் 54,00,000. மார்ச் 31 அன்று எண்ணியபோது இறுதி இருப்பு 7,00,000. ஆக, விற்ற சரக்கின் அடக்க விலை 47,00,000. ஜிஎஸ்டி நீங்கலாக விற்பனை 52,00,000 என்றால் மொத்த லாபம் 5,00,000. கடை வாடகை, சம்பளம், கரண்ட் பில் எல்லாம் இதிலிருந்துதான் போக வேண்டும்.

இந்த முறையில் ஒரு பலவீனம் உண்டு. அலமாரியில் இல்லாததெல்லாம் விற்றுப்போனதாகவே இது எடுத்துக்கொள்ளும். எலி கடித்த மூட்டை, பில் போடாமல் வெளியே போன எண்ணெய் டின், எண்ண மறந்த சிப்பம் எல்லாமே 'விற்ற சரக்கு' என்ற ஒரே வரியில் போய் மறைந்துகொள்ளும். லாபம் குறைந்ததாக மட்டும் காட்டும், ஏன் குறைந்தது என்று சொல்லாது.

அதைக் கண்டுபிடிக்கக் கைகொடுப்பது போன ஆண்டின் லாப விகிதம். இதே கடையில் போன ஆண்டு நூறு ரூபாய் விற்பனைக்கு 11 ரூபாய் நின்றது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணக்குப்படி இந்த ஆண்டு 5,72,000 நின்றிருக்க வேண்டும். 72,000 குறைகிறது. கடைப் பையன் மேல் சந்தேகப்படுவதற்கு முன்னால் எண்ணிக்கைத் தாளை எடுத்துப் பார்க்க வேண்டும். பின்பக்கக் குடோனில் இருந்த 50,000 ரூபாய் அரிசி அதில் எழுதப்படவே இல்லை என்று தெரிகிறது. அதைச் சேர்த்தால் இறுதி இருப்பு 7,50,000, லாபம் 5,50,000. மிச்சமுள்ள 22,000-க்குத்தான் காரணம் தேட வேண்டும். வாங்கும் விலை ஏறியும் விற்கும் விலையை ஏற்றாமல் விட்டோமா, லாபம் குறைவான சரக்கு அதிகம் போனதா, கசிவா என்று பார்க்கலாம்.

அரிசி விட்டுப்போனது தெரியாமலே இருந்திருந்தால்? இந்த ஆண்டின் இறுதி இருப்புதான் அடுத்த ஆண்டின் தொடக்க இருப்பு. அங்கே 50,000 குறைவாகத் தொடங்கும். அதனால் அடுத்த ஆண்டு லாபம் அதே 50,000 கூடுதலாகக் காட்டும். இரண்டு ஆண்டுகளையும் சேர்த்துப் பார்த்தால் சரியாகிவிடும், ஆனால் தனித்தனியாக இரண்டு ஆண்டுக் கணக்குமே தப்பு. வருமான வரி ஆண்டுக்கு ஆண்டு கட்டுவது என்பதால் இது சின்ன விஷயமல்ல.

நேரெதிரான தப்பும் நடக்கும். மார்ச் 30-ம் தேதி லோடு இறங்கிவிடும், அதன் பில் ஏப்ரலில் பதிவாகும். சரக்கு எண்ணிக்கையில் ஏறிவிட்டது, கொள்முதலில் ஏறவில்லை. அந்த லோடு முழுவதும் இல்லாத லாபமாக நிற்கும். மார்ச் கடைசி வாரத்தில் வந்த சரக்கையும் பில் தேதியையும் ஒப்பிட்டால் இது பிடிபட்டுவிடும்.

எண்ணுவதோடு வேலை முடியாது, விலையும் போட வேண்டும். பாக்கெட்டில் அச்சிட்ட எம்.ஆர்.பி.யைப் போடுவது பெரிய தவறு. இன்னும் விற்காத சரக்குக்கு அது லாபத்தை எழுதிவிடுகிறது. வாங்கிய விலைதான் போட வேண்டும். காலாவதி நெருங்கி, வாங்கிய விலைக்கும் போகாது என்றால் விற்றுக் கைக்கு வரக்கூடிய தொகையை மட்டும் போட வேண்டும். கட்டிய ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரி வரவாக எடுக்கிற கடை, கொள்முதலிலும் இருப்பிலும் அந்த வரியைச் சேர்க்கக் கூடாது. இணக்க வரித் திட்டத்தில் இருக்கிற கடைக்கு அந்த வரவு கிடையாது என்பதால், அங்கே வரியும் அடக்கம்தான்.

பல கடைகளில் ஆடிட்டர் கேட்கும்போது இறுதி இருப்பைக் குத்துமதிப்பாகச் சொல்லிவிடுகிறார்கள். அப்படிச் சொன்னால் லாபமும் குத்துமதிப்புதான். இந்த மார்ச் 31 இரவு கடை அடைத்த பிறகு இரண்டு பேராக நின்று, ஒருவர் எண்ண ஒருவர் எழுதி, குடோனிலிருந்து தொடங்குங்கள்.