துறைமுகம் வளர்த்த மொழி

மலாய் மொழியின் சொந்த நிலம் பெரிதல்ல. மலாக்கா நீரிணையின் ஒரு பக்கம் சுமத்ராவின் கிழக்குக் கரை, மறுபக்கம் மலாய்த் தீபகற்பம். அவ்வளவுதான். பக்கத்திலிருந்த ஜாவாவில் மக்களும் அதிகம், பழைய இலக்கியமும் அதிகம். ஆனாலும் தீவுகளுக்கெல்லாம் பொதுமொழியானது ஜாவானியம் அல்ல, மலாய்.

இதற்கு முதல் காரணம் காற்று. இந்தியக் கரையிலிருந்து கிழக்கே போகும் பாய்மரக் கப்பலுக்குத் தென்மேற்குப் பருவக்காற்று வேண்டும். திரும்பி வர வடகிழக்குக் காற்று வேண்டும். சீனத்திலிருந்து வரும் கப்பலுக்கு இது தலைகீழ். இரண்டு வழிகளும் சந்திக்கும் இடம் மலாக்கா நீரிணை. காற்று மாறும்வரை வணிகர்கள் அங்கே மாதக்கணக்கில் தங்கியாக வேண்டும். தங்கினால் வீடு, உணவு, கூலியாள், கடன், சில நேரம் மணஉறவும்கூட வந்துவிடும். அத்தனைக்கும் உள்ளூர்க்காரரோடு பேச வேண்டியிருந்தது. இப்படி ஒட்டிக்கொண்ட மொழியைத்தான் அடுத்த துறைமுகத்துக்கும் எடுத்துப் போனார்கள்.

இந்தப் பழக்கம் மிகப் பழையது. பலெம்பாங் அருகே கிடைத்த கெடுக்கான் புக்கிட் கல்வெட்டு கி.பி. 683ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மொழி பழைய மலாய், எழுத்து பல்லவ எழுத்து. ஸ்ரீவிஜய அரசு நீரிணையைக் கையில் வைத்திருந்த காலம் அது. பிறகு 1400 வாக்கில் எழுந்த மலாக்கா, இந்த வணிகத்தை ஒரே ஊரில் குவித்தது. அங்கே சாபந்தர் எனப்படும் துறைமுக அதிகாரிகள் நால்வர் இருந்தனர். குஜராத்திகளுக்கு ஒருவர், சோழமண்டலக் கரை, வங்காளம், பெகு முதலிய இடத்தாருக்கு ஒருவர், ஜாவா, மொலுக்கஸ் போன்ற தீவுகளுக்கு ஒருவர், சீனருக்கும் சம்பா நாட்டாருக்கும் ஒருவர். 1512இல் அங்கு வந்த போர்த்துகீசியர் தோமே பிரெஸ், ஊரில் 84 மொழிகள் பேசப்பட்டதாக எழுதினார். எண்ணிக்கை சற்று மிகையாகவே இருக்கட்டும். அத்தனை மொழிகளை எவராலும் கற்க முடியாது. எல்லாரும் ஒன்றைக் கற்பதே மலிவு. தமிழ் வணிகர்கள் அங்கே செல்வாக்கோடு இருந்தும் தமிழ் பொதுமொழியாகவில்லை; அவர்கள் மலாய் கற்றார்கள். மலாக்கா செட்டிகள் எனப்படும் அவர்களின் வழித்தோன்றல்கள் இன்று வீட்டில் பேசுவதும் ஒரு வகை மலாய்தான்.

கற்க எளிதாக இருந்ததும் உதவியது என்பார்கள். இதில் பாதி உண்மை உண்டு. மலாயில் வினைச்சொல் காலத்துக்கேற்ப உருமாறுவதில்லை. ஆனால் செம்மையான மலாயில் முன்னொட்டுகளும் பின்னொட்டுகளும் ஏராளம். சந்தைக்காரர்கள் அவற்றை உதிர்த்துவிட்டார்கள். ‘என் வீடு’ என்பதற்குச் செம்மொழியில் ‘ருமா சாயா’. சந்தையில் ‘சாயா புஞ்ஞா ருமா’. ‘நான்’, ‘நீ’ என்பதற்கு ஹொக்கியன் சீனத்திலிருந்து வந்த ‘குவா’, ‘லு’ என்பனவும் புழங்கின. எளிமை மொழியின் பிறவிக்குணம் என்பதைவிட, புழக்கத்தின் விளைவு என்பதே சரி. எந்த மொழியும் அந்நியர் கையில் இப்படித் தேயும். அதைச் சொந்தக்காரர் பொறுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

1511இல் மலாக்கா போர்த்துகீசியரிடம் வீழ்ந்தது. மொழி வீழவில்லை. 1521இல் மகெல்லனின் கப்பல் பிலிப்பைன்ஸை அடைந்தபோது, அவரது அடிமை என்ரிக்கே மலாயில் பேசியதை அங்கிருந்தவர்கள் புரிந்துகொண்டார்கள். அதே பயணத்தில் பிகாஃபெட்டா 400க்கும் மேற்பட்ட மலாய்ச் சொற்களைக் குறித்துவைத்தார். பின்னர் வந்த டச்சுக்காரர்கள் அம்போன் தீவில் தங்கள் மொழியைப் பரப்பப் பார்த்துத் தோற்று, பள்ளிக்கும் தேவாலயத்துக்கும் மலாயையே எடுத்துக்கொண்டார்கள். 1733இல் முழு விவிலியமும் மலாயில் அச்சானது. ஆட்சியாளரே ஏற்ற பிறகு சந்தைமொழி அலுவலக மொழியாகவும் நிமிர்ந்தது.

1928 அக்டோபர் 28 அன்று ஜகார்த்தாவில் கூடிய இளைஞர்கள் மலாயை ‘இந்தோனேசிய மொழி’ என்று பெயரிட்டு ஏற்றார்கள். மக்களில் 40 சதவீதத்துக்கு மேற்பட்டோரின் தாய்மொழி ஜாவானியம். மலாய் சிறுபான்மையினரின் மொழி. அதுவே அதற்குச் சாதகமாயிற்று. ஜாவானியம் வந்தால் ஜாவாவின் ஆதிக்கம் வருமோ என்ற அச்சம் மற்றத் தீவினருக்கு இருக்கும். மேலும் ஜாவானியத்தில் எதிரே இருப்பவரின் தகுதிக்கேற்பச் சொற்களே மாறும். முன்பின் தெரியாதவரிடம் வாய்திறக்குமுன் அவர் நிலையை எடைபோட வேண்டும். மலாயிலும் அரசவைக்கென மரியாதைச் சொற்கள் உண்டு, ஆனால் சந்தைக்கு அவை தேவைப்படவில்லை. 1942இல் வந்த ஜப்பானியர் டச்சைத் தடைசெய்ய, காலியான இடம் மலாய்க்குக் கிடைத்தது. 1945 அரசியலமைப்பு அதை அரசின் மொழியாக்கியது.

சந்தை மலாய்க்கு இந்த வாழ்வு எல்லா இடத்திலும் கிட்டவில்லை. சிங்கப்பூரில் தமிழ்க் கடைக்காரரும் சீன வாடிக்கையாளரும் ஒரு காலத்தில் அதில்தான் பேரம் பேசினார்கள். பள்ளி எல்லாரையும் ஆங்கிலத்தில் படிக்க வைத்தபின், பேரத்துக்கு மட்டும் ஒரு மொழி தேவைப்படவில்லை. மலாய் அங்கே தேசிய மொழியாக நீடிக்கிறது. கடைவீதியில் ஓடிய அந்த எளிய வடிவம் இப்போது பெரும்பாலும் முதியவர்கள் வாயில்தான் இருக்கிறது.